மரை கெட்டது எந்த பெல்ட்டால்?

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், சிங்காநல்லூர்ப் பக்கம் பம்பு ஷாஃப்ட் கடையும் ஜாப் ஒர்க் பட்டறைகளில் பழைய லேத்தைச் சிஎன்சியாக மாற்றும் வேலை நன்றாகப் பழகிப்போன ஒன்று. பெட்டும் ஹெட்ஸ்டாக்கும் அப்படியே இருக்கும். லீட் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுப் பால் ஸ்க்ரூ போடுவார்கள், இரண்டு சர்வோ மோட்டார்களும் ஒரு கன்ட்ரோலரும் வைப்பார்கள். மாற்றி முடித்ததும் இயந்திரம் விட்டத்தை ஒழுங்காகக் கடையும், நீளத்தையும் ஒழுங்காகக் கொடுக்கும். மரை வெட்டச் சொன்னால் மட்டும் சில இயந்திரங்கள் கெடுத்துவிடுகின்றன. முதல் வெட்டு அழகாக இருக்கும், இரண்டாம் வெட்டு வேறு தடத்தில் விழும், மூன்றாவதில் மரையின் முகடே காணாமல் போயிருக்கும். கன்ட்ரோலரைக் குறை சொல்வார்கள், புரோகிராமை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு ஒரு பெல்ட்டில்தான் இருக்கும். சரியாகச் சொன்னால், சுழற்சிக் கோணத்தை அளக்கும் என்கோடரை அந்த பெல்ட்டின் எந்தப் பக்கத்தில் வைத்தார்கள் என்பதில் இருக்கும்.

பழைய லேத்தில் மோட்டாரிலிருந்து ஹெட்ஸ்டாக்குக்கு வி-பெல்ட்தான் போகிறது. அதே லேத்தில் நம் தாத்தா காலத்துத் திருப்புனர்கள் மிகத் துல்லியமான மரைகளை வெட்டியிருக்கிறார்கள். அது எப்படி முடிந்தது? லீட் ஸ்க்ரூவுக்கான இயக்கம் மோட்டாரிலிருந்து வரவில்லை, ஸ்பிண்டிலிலிருந்தே வந்தது. ஸ்பிண்டிலுக்கும் லீட் ஸ்க்ரூவுக்கும் நடுவில் பல் சக்கரங்கள் மட்டுமே இருந்தன. வி-பெல்ட் எவ்வளவு வழுக்கினாலும் ஸ்பிண்டில் மெதுவாகும், அதோடு சேர்ந்து கருவியும் மெதுவாகும், மரை கெடாது. சிஎன்சியாக மாற்றும்போது இந்தப் பல் சக்கர வரிசை போய்விடுகிறது. அதன் இடத்தை எடுத்துக்கொள்வது ஸ்பிண்டில் என்கோடர். ஸ்பிண்டில் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அது கன்ட்ரோலருக்குச் சொல்கிறது, கன்ட்ரோலர் அதற்கேற்ப நீளவாக்கு ஸ்லைடை நகர்த்துகிறது. ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் இடம் இல்லை என்று அந்த என்கோடரை ஸ்பிண்டில் மோட்டாரின் வாலில் மாட்டிவிட்டால், நடுவில் வி-பெல்ட் நுழைந்துவிடுகிறது.

வி-பெல்ட் உராய்வால் இழுக்கிறது. பெல்ட்டின் இரண்டு சாய்ந்த பக்கங்கள் புல்லியின் பள்ளச் சுவரில் ஆப்பு போல் இறுகுகின்றன. பள்ளத்தின் கோணம் 36 பாகை என்றால், அதே இழுவிசையில் தட்டைப் பெல்ட்டுக்குக் கிடைக்கும் பிடியைப் போல மூன்று மடங்குக்கு மேல் பிடி கிடைக்கிறது. அதனால்தான் பெல்ட்டின் அடி பள்ளத்தின் அடியைத் தொடக் கூடாது. தேய்ந்த பள்ளத்தில் பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டால் ஆப்பு வேலை செய்யாது, பளபளவென்று மின்னும் பள்ள அடியைப் பார்த்தே அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிடி நன்றாக இருக்கும்போதும் ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. பெல்ட்டின் இழுக்கும் பக்கம் சற்று நீண்டிருக்கும், தளர்ந்த பக்கம் சற்றுச் சுருங்கியிருக்கும். மோட்டார் புல்லியில் பெல்ட் நீண்ட நிலையில் நுழைந்து சுருங்கிய நிலையில் வெளியேறுகிறது. ஸ்பிண்டில் புல்லியில் இது தலைகீழாக நடக்கிறது. இந்த நீள மாற்றம் புல்லியின் மேலேயே நடப்பதால், பெல்ட் பள்ளச் சுவரோடு மிக மெல்ல நகர்கிறது, ஓட்டப்படும் புல்லி ஓட்டும் புல்லியைவிடச் சற்றுப் பின்தங்குகிறது. சத்தமோ புகையோ கருகல் வாடையோ வராது. பெல்ட்டை இறுக்கினால் இது குறையும், போகாது. சுமையில் ஓடும் நல்ல வி-பெல்ட்டில் இந்தப் பின்தங்கல் அரை சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை இருப்பது இயல்பு. சுமை கூடினால் கூடும், குறைந்தால் குறையும். ஆகவே கன்ட்ரோலரில் ஒரு எண்ணை மாற்றி இதை ஈடுகட்ட வழியில்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஷாஃப்ட்டின் முனையில் எம்20 மரை, ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தூரமான பிட்ச் 2.5 மி.மீ., நீளம் 30 மி.மீ. ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 500 சுற்று. மோட்டாருக்கும் ஸ்பிண்டிலுக்கும் ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் வி-பெல்ட், என்கோடர் மோட்டாரில். மரை வெட்டும் `G76` கட்டளை ஒவ்வொரு வெட்டையும் என்கோடரின் பூச்சியக் குறி வரும் நொடியில் தொடங்குகிறது. அந்தக் குறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை வரும். ஒரு வெட்டு முடிந்து, கருவி பின்வாங்கி, தொடக்க இடத்துக்குத் திரும்பி, அடுத்த வெட்டு தொடங்கும்வரை சுமார் 4 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் மோட்டார் 33 சுற்று சுற்றிவிடும். பின்தங்கல் அரை சதவீதம் மட்டுமே என்றாலும், ஸ்பிண்டில் அந்த 33 சுற்றில் ஒரு சுற்றின் ஆறில் ஒரு பங்கு பின்தங்கியிருக்கும், அதாவது 60 பாகை. கன்ட்ரோலர் பூச்சியம் என்று நம்பும் இடத்தில் ஸ்பிண்டில் இல்லை. 2.5 மி.மீ. பிட்சில் 60 பாகை என்பது நீளவாக்கில் 0.4 மி.மீ.க்குச் சற்று அதிகம். இரண்டாம் வெட்டு முதல் தடத்திலிருந்து அவ்வளவு தள்ளி விழுகிறது. அடுத்தது இன்னும் அவ்வளவு தள்ளி. ஏழாவது வெட்டில் முழுச் சுற்றை முடித்துவிட்டு மரை முற்றிலும் துடைக்கப்பட்டுவிடும்.

ஒரே வெட்டுக்குள்ளும் பிழை இருக்கிறது. 30 மி.மீ. நீளத்துக்கு 12 சுற்று வேண்டும், அதில் அரை சதவீதம் பின்தங்கினால் முனைக்கு முனை 0.15 மி.மீ. வேறுபடும். கேஜ் நட் நான்கைந்து சுற்று ஏறி இறுகி நிற்கும். மரை மேலோட்டமாக நன்றாக இருக்கிறது, நட் மட்டும் பாதியில் நிற்கிறது என்றால், பிட்ச் கேஜை வைத்து மட்டும் திருப்தி அடையக் கூடாது. பிட்ச் கேஜ் சில பற்களை மட்டுமே ஒப்பிடுகிறது, ஒவ்வொரு மரையிலும் நூறில் ஒரு மி.மீ. அளவுக்கு விழும் பிழையைக் கண் பிடிக்காது.

இதற்கு மருந்து எளியது. என்கோடரை ஸ்பிண்டிலின் வாலுக்குக் கொண்டுபோய், இரண்டுக்கும் ஒரே பல் எண்ணிக்கை உள்ள புல்லிகளைப் போட்டு, நடுவில் உள்பக்கம் பற்கள் உள்ள டைமிங் பெல்ட் மாட்ட வேண்டும். பல் எண்ணிக்கை கட்டாயம் சமமாக இருக்க வேண்டும். ஸ்பிண்டிலில் 40, என்கோடரில் 36 என்று கிடைத்ததை மாட்டினால், பூச்சியக் குறி ஒவ்வொரு முறையும் ஸ்பிண்டிலின் வேறு கோணத்தில் வரும், பழைய கோளாறு வேறு உருவத்தில் திரும்பும். மோட்டாரிலிருந்து ஸ்பிண்டிலுக்குப் போகும் வி-பெல்ட்டை மாற்ற வேண்டியதில்லை. அதை அங்கேயே வைத்திருப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. டைமிங் பெல்ட்டில் ஒவ்வொரு பல்லும் புல்லியில் நுழையும்போது ஒரு சிறு தட்டு இருக்கிறது. 40 பல் புல்லி நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 1,300க்கு மேல் தட்டுகள். அது இரைச்சலாக வருவதோடு, மெருகாகக் கடையும் பரப்பில் அலையாகவும் பதியக்கூடும். வி-பெல்ட் ஓட்டம் வழுவழுப்பாக இருக்கும். சக் எதிலாவது மோதிக்கொண்டால் வழுக்கி, ஸ்பிண்டிலையும் மோட்டாரையும் காப்பாற்றும். நம் ஊர் வெட் கிரைண்டரில் கல் சிக்கிக்கொள்ளும்போது மோட்டார் எரியாமல் இருப்பதற்கும் இதே வழுக்கல் உதவுகிறது. திறனைக் கடத்த வி-பெல்ட், கோணத்தைக் கடத்த டைமிங் பெல்ட் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

டைமிங் பெல்ட் கோணத்தைக் கடத்துவது பிட்சால். ஒரு பல்லின் நடுவிலிருந்து அடுத்த பல்லின் நடுவுக்கு உள்ள தூரம் பிட்ச். இதை எங்கே அளக்கிறோம் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பெல்ட்டின் ரப்பரில் அளப்பதில்லை. ரப்பருக்குள் ஓடும் கண்ணாடி இழை நூல்கள் அல்லது எஃகு நூல்கள் இருக்கும் கோட்டில் அளக்க வேண்டும். வளையும்போது நீளம் மாறாமல் இருப்பது அந்தக் கோடு மட்டுமே. பெல்ட் புல்லியின் மேல் உட்காரும்போது அந்த நூல் கோடு புல்லியின் பல் நுனிக்கும் வெளியே இருக்கும். ஆகவே புல்லியின் பிட்ச் விட்டம் அதன் வெளி விட்டத்தைவிடப் பெரியது. கியரில் இதற்கு நேர்மாறு, பிட்ச் வட்டம் பல்லின் நடுவில் ஓடும். கியர் வெட்டிப் பழகிய கைக்கு இது உறுத்தும்.

எச்.டி.டி. 5எம் வகை பெல்ட்டை எடுத்துக்கொள்வோம். பிட்ச் 5 மி.மீ., பல் வளைந்த வடிவம். 40 பல் புல்லியின் பிட்ச் சுற்றளவு 200 மி.மீ., அதை 3.1416ஆல் வகுத்தால் பிட்ச் விட்டம் 63.66 மி.மீ. ஆனால் புல்லியைக் கடைய வேண்டிய வெளி விட்டம் 62.52 மி.மீ. மட்டுமே. கணக்கில் வந்த 63.66ஐயே வெளி விட்டமாகக் கடைந்து பல் வெட்டிவிட்டால் என்ன ஆகும்? நூல் கோடு 64.80 மி.மீ. விட்டத்தில் ஓடும். அந்தச் சுற்றளவை 40ஆல் வகுத்தால் ஒரு பல்லுக்கு 5.09 மி.மீ. பெல்ட்டோ 5.00 மி.மீ. ஒவ்வொரு பல்லிலும் 0.09 மி.மீ. கூடிக்கொண்டே போகும். ஆறாவது பல்லில் அரை மி.மீ. தாண்டிவிடும். பெல்ட் பல் பள்ளத்தின் நடுவில் உட்கார முடியாமல் சுவரில் ஏறும். இயந்திரம் ஓடும், ஆனால் உறுமும். சில வாரங்களில் பெல்ட் பற்களின் ஒரு பக்கம் மட்டும் துணி கிழிந்து தேயும். பல்லின் ஒரு பக்கத் தேய்மானத்தைப் பார்த்தால் முதலில் வெர்னியரை எடுத்துப் புல்லியின் வெளி விட்டத்தை அளக்க வேண்டும்.

இதே கோளாறு சரியாகக் கடைந்த புல்லியிலும் வரும். பல்லடம், சோமனூர்ப் பக்கத் தறிக்கூடங்களிலும் நூற்பாலைகளிலும் பஞ்சுத் தூசி புல்லியின் பல் பள்ளங்களில் போய் அடைகிறது. எண்ணெய் ஈரத்தோடு சேர்ந்து அது கெட்டியாகி, பெல்ட்டை மேலே தூக்கிவிடுகிறது. நூல் கோடு உயர்ந்தால் புல்லியின் பிட்ச் பெரிதானதற்குச் சமம். அங்கே பெல்ட் மாற்றும்போது புல்லிப் பள்ளங்களைத் தூரிகையால் சுத்தம் செய்யாமல் புது பெல்ட்டை மாட்டுவது வீண்.

எத்தனை பற்கள் ஒரே நேரத்தில் பிடித்திருக்கின்றன என்பதும் முக்கியம். சம அளவுப் புல்லிகளில் பெல்ட் பாதிச் சுற்றைத் தழுவுகிறது, 40 பல்லில் 20 பற்கள் வேலை செய்கின்றன. சிறிய மோட்டார் புல்லியில், பெரிய ஸ்க்ரூ புல்லியோடு நெருக்கமாக வைத்தால், இந்த எண்ணிக்கை சரிந்துவிடும். ஆறு பற்களுக்குக் குறையாமல் பிடித்திருக்க வேண்டும் என்பது பெல்ட் அட்டவணைகள் எல்லாம் ஏற்கும் விதி. அதற்குக் கீழே போகும் ஒவ்வொரு பல்லுக்கும் தாங்கும் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்கச் சொல்கின்றன.

இனி பேக்லாஷ். பல் பள்ளத்துக்குள் உரசாமல் நுழைய வேண்டுமானால் சிறிது இடைவெளி வேண்டும். ஒரே திசையில் சுற்றும் வரை பல் ஒரு சுவரில் சாய்ந்தே இருக்கும், இடைவெளி இருப்பதே தெரியாது. ஸ்பிண்டில் என்கோடரில் அதனால்தான் மரை வெட்டும்போது பேக்லாஷ் தொந்தரவு தருவதில்லை. திசை மாறும்போது பல் எதிர்ச் சுவரைத் தொடும்வரை மோட்டார் சுற்றும், ஓட்டப்படும் புல்லி நிற்கும். ஸ்லைடு முன்னும் பின்னும் போகும் இடத்தில் இது உடனே அளவில் தெரியும்.

எவ்வளவு தெரியும் என்பது பெல்ட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் லேத்தின் குறுக்கு ஸ்லைடில் மோட்டாருக்கும் பால் ஸ்க்ரூவுக்கும் 40 பல் புல்லிகள், 5எம் பெல்ட், ஸ்க்ரூவின் லீட் 5 மி.மீ. பெல்ட் 200 மி.மீ. ஓடினால் ஸ்லைடு 5 மி.மீ. நகரும், நாற்பதுக்கு ஒன்று. ஒவ்வொரு புல்லியிலும் 0.1 மி.மீ. இடைவெளி இருப்பதாகக் கொண்டால் இரண்டும் சேர்ந்து 0.2 மி.மீ. ஸ்லைடில் அது 5 மைக்ரான். விட்டத்தில் இரட்டித்து 10 மைக்ரான். பேரிங் உட்காரும் 25 மி.மீ. இடத்துக்கு எச்6 அளவில் கடையச் சொன்னால் மொத்த அனுமதியே 13 மைக்ரான்தான். ஒரு அளவை உள்ளே போகும்போதும், இன்னொன்றை வெளியே வரும்போதும் எடுத்தால் அனுமதியின் பெரும்பகுதியை பெல்ட்டே தின்றுவிடும். ஆகவே அந்த விட்டத்தை எப்போதும் ஒரே திசையிலிருந்து அணுகும்படி புரோகிராம் எழுதுவார்கள் கெட்டிக்காரர்கள்.

திருப்பூரின் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரத்தில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. துணி மாட்டிய சட்டத்தை டைமிங் பெல்ட் நேராக இழுக்கிறது, நடுவில் ஸ்க்ரூ இல்லை. லேத்தில் 0.2 மி.மீ. இடைவெளி நாற்பதால் வகுபட்டது, இங்கே 0.2 மி.மீ. அப்படியே 0.2 மி.மீ.தான். பூ வடிவத்தின் நிரப்புத் தையலுக்கும் ஓரத் தையலுக்கும் நடுவில் ஒரு பக்கம் மட்டும் துணி எட்டிப் பார்த்தால், திசை மாறும் பக்கத்தைக் கவனியுங்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம். டைமிங் பெல்ட் 1940களில் அமெரிக்காவில் தையல் இயந்திரத்துக்காகவே முதலில் உருவானது, அந்தப் பிள்ளை இப்போது வீட்டுக்கே திரும்பியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பேக்லாஷை அளக்க டயல் கேஜ் போதும். காந்த அடியைப் பெட்டில் வைத்து, முள்ளை டூல் போஸ்ட்டில் தொடவிட்டு, கை சக்கரத்தை 0.01 மி.மீ. படிக்கு வைத்து ஒரே திசையில் நகர்த்துங்கள். ஒவ்வொரு படிக்கும் முள் நகரத் தொடங்கியதும் திசையை மாற்றுங்கள். முள் அசையாமல் விழுங்கும் படிகள்தான் பேக்லாஷ். ஒரு படிக்கும் குறைவாக விழுங்கினால், படியை 0.001க்கு மாற்றி, மைக்ரான் காட்டும் டயலை வைக்க வேண்டும். ஆனால் இது பெல்ட்டின் குற்றமா, பால் ஸ்க்ரூ நட்டின் குற்றமா என்று இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு ஸ்க்ரூவின் முனையில் 100 மி.மீ. நீளக் கை ஒன்றை இறுக்கி, அதன் நுனியில் இன்னொரு டயலை வையுங்கள். ஸ்லைடின் நூறில் ஒரு மி.மீ. அந்த நுனியில் 1.25 மி.மீ.க்கு மேல் பெரிதாகும். திசை மாற்றியதும் கை உடனே நகர்ந்து ஸ்லைடு நகரவில்லை என்றால் நட் அல்லது தாங்கு பேரிங் தேய்ந்திருக்கிறது. மோட்டார் சுற்றியும் கை நகரவில்லை என்றால் பெல்ட். பெல்ட்டைக் கண்டுபிடிக்காமல் கன்ட்ரோலரில் பேக்லாஷ் எண்ணை ஏற்றிக்கொண்டே போவதை நான் எதிர்க்கிறேன். தளர்ந்த பெல்ட் சுமைக்கேற்ப நீள்கிறது, காற்றில் அளந்த எண் வெட்டும்போது பொருந்தாது.

தளர்வு எல்லை மீறினால் பல் தாண்டும். அதன் அடையாளம் துல்லியமானது. ஒரு பல் என்றால் பெல்ட்டில் 5 மி.மீ., நம் லேத்தின் ஸ்லைடில் 0.125 மி.மீ., விட்டத்தில் 0.25 மி.மீ. காலைவரை சரியாக வந்த விட்டம் ஒரு மோதலுக்குப் பிறகு சரியாக கால் மி.மீ. மாறி, அதே இடத்தில் நிலைத்து நின்றால், சர்வோவையோ டூலையோ சந்தேகிக்க வேண்டாம். விட்டம் ஒவ்வொரு பீஸுக்கும் ஒழுங்கில்லாமல் நழுவினால் புல்லியின் கிரப் ஸ்க்ரூ தளர்ந்து, புல்லி ஷாஃப்ட்டின் மேலேயே சுற்றுகிறது.

பெல்ட் பல் தாண்டுகிறதா என்று ஓட்டாமலே பார்க்கலாம். 750 மி.மீ. நீள 5எம் பெல்ட்டில் 150 பற்கள். இரண்டு 40 பல் புல்லிகளிலும் பெல்ட்டிலும் பெயின்ட் குறி போட்டுக் கையால் சுற்றினால், புல்லி 15 சுற்று முடிக்கும்போது பெல்ட் 4 சுற்று முடித்திருக்கும், மூன்று குறிகளும் மீண்டும் பழைய இடத்துக்கு வரும். வி-பெல்ட்டில் இப்படி எந்த எண்ணிக்கையும் அமையாது.

இறுக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு. நம் லேத்தில் இரண்டு புல்லி மையங்களுக்கும் இடையே 275 மி.மீ. பெல்ட்டின் நடுவில் அட்டவணையில் தந்த விசையால் அழுத்தும்போது, அந்த நீளத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது 4 மி.மீ.க்குச் சற்று மேல் அமுங்க வேண்டும். வி-பெல்ட் பழக்கத்தில் டைமிங் பெல்ட்டையும் விறைப்பாக இறுக்குபவர்கள் மோட்டார் பேரிங்கைத்தான் கொல்கிறார்கள். இங்கே பிடியைத் தருவது பல், இறுக்கம் பல்லை வெளியே வராமல் வைத்திருக்க மட்டும்.

கடையில் பெல்ட் வாங்கும்போது "5 மி.மீ. பிட்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். எச்.டி.டி. 5எம், டி5, ஏடி5 மூன்றும் 5 மி.மீ. பிட்ச்தான். முதல் வகையின் பல் வளைந்தது, மற்ற இரண்டும் சரிவகம், அவற்றிலும் ஏடி5இன் பல் அகலம். டி5 பெல்ட்டை எச்.டி.டி. புல்லியில் போட்டால் கையால் சுற்றும்போது ஒத்துப்போவதுபோலவே இருக்கும், திசை மாற்றிப் பார்த்தால்தான் ஆட்டம் தெரியும். ஜி.டி. வகையிலும் 5 மி.மீ. பிட்ச் உண்டு. எச்.டி.டி.யைவிட இடைவெளி குறைந்த பல் வடிவம் அது, முன்பின் ஓடும் ஸ்லைடுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் பெல்ட்டை மட்டும் மாற்றிப் பழைய எச்.டி.டி. புல்லியை வைத்திருந்தால் அந்த நன்மை கிடைக்காது. இடைவெளியைத் தீர்மானிப்பதில் பாதி புல்லியின் பள்ளம், இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.